மூன்றாவது கால் எப்போது விழுந்தது?

நெட்போல் மட்ச் ஒன்றை முதல்முறை பார்க்க வருகிற எவரும் பத்து நிமிடத்துக்குள் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "ஏன் அந்தப் பிள்ளை பந்தைப் பிடிச்சவுடனே மரம் மாதிரி நிக்குது? ஓட வேண்டியதுதானே?" பாஸ்கட்போல் விளையாடுகிற தம்பிமார் என்றால் ஒரு நக்கல் சிரிப்பும் சேர்ந்து வரும். நிற்பதுபோலத் தெரிகிற அந்த மூன்று செக்கனுக்குள் அவளுடைய இரண்டு கால்களும் என்ன கணக்குப் பார்க்கின்றன என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னச் சரித்திரம். நீளமாகப் போகமாட்டேன். 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் பாஸ்கட்போலுக்கு எழுதிய 13 விதிகளிலேயே, பந்தோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்துதான் எறிய வேண்டும் என்று இருந்தது. வேகமாக ஓடி வந்து பிடிப்பவருக்கு நிற்கக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம் என்றும் இருந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது பிறகு வந்தது. அதே காலத்தில் ஸ்மித் கல்லூரியில் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த செண்டா பெரென்சன், கோட்டை மூன்றாகப் பிரித்தார், கையிலிருக்கும் பந்தைப் பறிக்கக்கூடாது என்றார், மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்றார். ஆட்டம் இங்கிலாந்துக்குப் போய், 1901இல் அங்கே தனி விதிப்புத்தகத்தோடு நெட்போலாக வளர்ந்தது. ஆக நாங்கள் ஆடுவது பாஸ்கட்போலின் 'லேடீஸ்' பதிப்பு இல்லை. நைஸ்மித் முதலில் எழுதிய அந்த 'பந்தோடு ஓடாதே' என்ற விதியை விடாமல் வைத்திருப்பது நெட்போல்தான். நக்கலடிக்கிற தம்பிமாருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

எங்கள் ஊருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 1950கள் வரை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி ஆடினார்கள். நியூசிலாந்தில் ஒரு டீமில் ஒன்பது பேர் ஆடினார்கள். 1960இல் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் கூடி, விதிகளை ஒன்றாக்கி, சர்வதேச சம்மேளனத்தைத் தொடங்கியது அப்போதைய சிலோனில். அடுத்து 1963இல் ஈஸ்ட்போர்னில் நடந்த முதலாவது உலகப் போட்டியில் சிலோன் டீமும் ஆடியது. கொட்டாஞ்சேனையில் ஒரு பிள்ளை "யார்க்கா இந்த ரூலை எல்லாம் கண்டுபிடிச்சது?" என்று சலித்துக்கொண்டபோது, "எல்லாரும் நம்மட நாட்டுக்கு வந்து இருந்து பேசித்தான் ஒண்டாக்கினவை" என்றேன். அவள் நம்பவில்லை.

இனி காலுக்கு வருவோம்.

பந்து கைக்கு வரும் நேரத்தில் எந்தக் கால் நிலத்தில் இருக்கிறதோ, அல்லது வானத்தில் பிடித்துவிட்டு இறங்கும்போது எந்தக் கால் முதலில் நிலத்தைத் தொடுகிறதோ, அதுதான் இறங்கு கால். 'லாண்டிங் ஃபுட்'. அந்த நொடியிலிருந்து ஆட்டம் அந்தக் காலைச் சுற்றித்தான் நடக்கிறது. மற்றக் காலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம். எத்தனை தடவையும் எடுத்து வைக்கலாம், இறங்கு காலின் முன்பாதம் அதே இடத்தில் நின்று சுழலும்வரை. இதுதான் பிவட். கவராயத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: ஊசி முனை இறங்கு கால், பென்சில் முனை மற்றக் கால்.

இறங்கு காலைத் தூக்கலாமா? தூக்கலாம். இதைத்தான் பாதிப் பேர் தப்பாகப் படித்து வைத்திருக்கிறார்கள். தூக்குவதில் குற்றம் இல்லை. தூக்கிய அந்தக் கால் திரும்ப நிலத்தில் படுவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். இடது காலில் இறங்கி, வலது காலை முன்னே வைத்து, இடது காலைத் தூக்கிக்கொண்டே எறிந்தால் சுத்தமான பாஸ். அதே இடது கால் கீழே பட்ட பிறகு பந்து போனால் விசில், எதிர் டீமுக்கு ஃப்ரீ பாஸ். இடது, வலது, இடது. அந்த மூன்றாவது தொடுகையில்தான் ஃபுட்வேர்க் குற்றம் பிறக்கிறது. அம்பயர் பார்ப்பது எத்தனை அடி வைத்தாய் என்பதை இல்லை. மூன்றாவது கால் விழுந்தபோது பந்து எங்கே இருந்தது என்பதைத்தான்.

இரண்டு காலும் ஒரே நேரத்தில் இறங்கினால் எது இறங்கு கால் என்று நீங்களே தெரிவு செய்யலாம். ஆனால் அதை வாயால் சொல்வதில்லை. எந்தக் காலை முதலில் அசைக்கிறீர்களோ அது சுதந்திரமான கால், அசையாமல் நின்றது இறங்கு காலாகிவிடும். ஒருமுறை தெரிவு செய்தால் மாற்ற முடியாது.

தடுக்கப்பட்டவை கொஞ்சம்தான். இறங்கு காலை இழுக்கக்கூடாது, வழுக்க விடக்கூடாது. பந்தை வைத்துக்கொண்டு கெந்தக்கூடாது, எந்தக் காலிலும். இரண்டு காலாலும் குதித்து, பந்தை விடாமலே இரண்டு காலிலும் இறங்கக்கூடாது. எட்டுக்கோடு விளையாடி வளர்ந்த பிள்ளைகளுக்கு கெந்துவது கூடப்பிறந்த மாதிரி. அதை மறக்க வைப்பதுதான் பெரிய பாடு.

நான் இருப்பது வெள்ளவத்தை. சனிக்கிழமை காலையில் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட டீமின் பயிற்சிக்கு உதவி செய்யப் போகிறேன். அங்கே பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். நூறு மீற்றர் ஓட்டக்காரி. விங் அட்டாக்காகப் போட்டோம். அந்த வேகத்துக்கு முன் ஒருவராலும் நிற்க முடியாது, ஆனால் பந்து கைக்கு வந்தவுடன் விசில். ஒரு மட்சில் முதல் குவாட்டருக்குள்ளேயே நாலு தரம் ஃபுட்வேர்க். அவளை வெளியே எடுத்து உட்கார வைத்தார்கள். "எனக்கு இது சரிவராதுக்கா, நான் ஓட்டத்துக்கே போறன்" என்றாள். "நான் ரெண்டு ஸ்டெப்தான் வச்சன், அவை மூண்டெண்டுறா" என்ற கோபமும் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை போனில் ஸ்லோ மோஷனில் படம் எடுத்தோம். சென்டர் பாஸ் தொடங்குவதுபோலவே வைத்தோம். விசில் அடித்ததும் அவள் கோட்டின் வலது ஓரத்தை நோக்கிச் சரிவாக ஓடுகிறாள், பந்து அவளுக்கு முன்னால் போகிறது, வானத்தில் பிடிக்கிறாள். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். இடது கால் இறங்குகிறது. இதுவரை ஒரு பிழையும் இல்லை. வலது கால் வானத்திலேயே மடங்கி நிற்கிறது. உடம்பு முழுவதும் இன்னும் வலது பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த படத்தில் இடது குதிக்கால் உயர்கிறது, அதற்கடுத்ததில் இடது கால் முழுவதுமாக நிலத்தை விட்டு எழும்பி, ஒரு சாண் தள்ளி மறுபடி இறங்குகிறது. பந்து இன்னும் கையில்தான்.

அவள் மூன்று ஸ்டெப் வைக்கவில்லை. அவள் சொன்னது சரி. ஒரு காலிலேயே கெந்தியிருக்கிறாள். அம்பயர் சொன்னதும் சரி. விசில் ஒன்றுதான், குற்றம் வேறு. எங்கள் கண்ணுக்கு அந்த ஒரு சாண் மைதானத்தில் தெரியவே இல்லை.

"ஏன் வலது காலைக் கீழ வைக்கேல்ல?" என்று கேட்டேன். "வைக்கக் கூடாதே! ஒரு கால்தானே அலவ்ட்?" அவளுக்கு யாரோ அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பிடித்த கால் மட்டும் நிலத்தில், மற்றது பட்டால் ஸ்டெப் என்று. முழு வேகத்தில் ஓடி வருகிற உடம்பை ஒற்றைக் காலில் நிறுத்தப் பார்த்தால் கெந்தாமல் என்ன செய்யும்? விதி அவளுக்குக் கொடுத்த பிரேக்கை அவள் பாவிக்கவே இல்லை. அந்த இரண்டாவது கால்தான் பிரேக்.

பிறகு செய்தது சுலபமான வேலை, ஆனால் சலிப்பான வேலை. நடந்து வந்து பிடிப்பது, இடது, வலது, நிற்பது. மெல்ல ஓடி வந்து பிடிப்பது, இடது, வலது, நிற்பது. வலது காலை வழக்கத்தை விட அகலமாக, ஓடுகிற திசையிலேயே முன்னால் வைக்க வேண்டும். இடுப்பும் முழங்காலும் மடங்க வேண்டும், பாரம் இரண்டு காலுக்கும் பிரிய வேண்டும். முழங்கால் உள்ளே விழக்கூடாது, விரல்கள் பார்க்கிற பக்கமே பார்க்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் விசில் மட்டும் இல்லை. நெட்போலில் முழங்கால் தசைநார் கிழிவது, அந்த ஏ.சி.எல். காயம், பெரும்பாலும் யாரும் இடிக்காமல், இப்படி ஒற்றைக் காலில் திடீரென்று நிற்கும்போதுதான் நடக்கிறது. ஓடுவதற்கு விதி தடை போட்டிருப்பதால் எங்கள் ஆட்டத்தில் நிற்பதுதான் ஆபத்தான வேலை. ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டுத் திரும்பும் பிள்ளை விசிலுக்குத் தப்பினாலும் முழங்காலுக்குத் தப்பமாட்டாள்.

பிவட் பண்ணும்போது குதிக்கால் கொஞ்சம் எழும்பி, முன்பாதத்தில் சுழல வேண்டும். முழுப் பாதமும் நிலத்தில் ஒட்டியிருக்க உடம்பு மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு முழங்காலுக்குத்தான் போகும். எங்கள் பள்ளிக்கூட மைதானங்கள் பல கிரவலும் மண்ணும்தான். அதில் ஒரு நன்மை இருக்கிறது: கால் இழுபட்டால் மண்ணில் கோடு விழும், நின்று சுழன்றால் சின்ன வட்டக் குழி விழும். பயிற்சி முடிந்து குனிந்து பார்த்தாலே யார் இழுத்தது, யார் சுழன்றது என்று வாசிக்கலாம். சீமெந்துக் கோட்டில் அந்த வசதி இல்லை, அங்கே சப்பாத்து கிரீச்சிடுகிற சத்தத்தைத்தான் நம்ப வேண்டும்.

இனி அந்த மூன்று செக்கன். இது ஏன் என்பதற்கு எல்லோரும் சொல்வது, "ஆட்டம் வேகமா போகத்தான்" என்று. அது பொய் இல்லை, ஆனால் பாதிதான். மற்ற விதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பந்து வைத்திருப்பவளின் கையிலிருந்து அதைத் தட்டக்கூடாது, பறிக்கக்கூடாது. அவளை இடிக்கக்கூடாது. அவளைத் தடுக்க வருபவள் 0.9 மீற்றருக்கு, பழைய கணக்கில் மூன்று அடிக்கு, கிட்ட வந்து கையை உயர்த்தக்கூடாது. அப்படியென்றால் பந்தைப் பிடித்தவளை எதிர் டீம் ஒன்றுமே செய்ய முடியாது. அவள் இறங்கு காலில் கவராயம்போல் சுற்றிச் சுற்றி, பந்தை அணைத்துக்கொண்டு, மட்ச் முடியும்வரை நிற்கலாம். பாஸ்கட்போலில் பந்தைத் தட்டிப் பறிக்கலாம், அதனால் எதிராளியே ஒரு கடிகாரம். எங்களுக்கு அந்தக் கடிகாரம் இல்லை. எதிராளியின் கையைக் கட்டிப் போட்ட இடத்தில்தான் மூன்று செக்கனை வைத்திருக்கிறார்கள். இதில் ஒன்றை மட்டும் கழற்றினால் ஆட்டமே குலைந்துபோகும். ஓடவும் முடியாது, வைத்திருக்கவும் முடியாது என்றால், பந்து போக ஒரே வழி இன்னொரு பிள்ளையின் கை. 30.5 மீற்றர் நீளமான கோட்டின் மூன்று பகுதிகளில் ஒன்றை முழுதாகத் தாண்டி எறியவும் கூடாது என்பதால், ஒரு கோலுக்கு எத்தனை பேருடைய கை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்று செக்கன் எவ்வளவு? "ஒண்டு ரெண்டு மூண்டு" என்று எண்ணினால் ஒரு செக்கனில் முடிந்துவிடும், பயத்தில் இன்னும் வேகமாக. நான் பிள்ளைகளுக்குச் சொல்வது பஸ் கொண்டக்டர் கணக்கு: வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி. சாதாரணமாகச் சொன்னால் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு செக்கன். வெள்ளவத்தையில் இறங்கி நிலைக்கு வர வேண்டும். பம்பலப்பிட்டியில் பார்க்க வேண்டும். கொள்ளுப்பிட்டியைச் சொல்லி முடிக்கும்போது பந்து கையில் இருக்கக்கூடாது. ஓரத்தில் நிற்கிற பிள்ளைகள் கோரஸாகக் கத்துவார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

அந்த ஓட்டக்காரியின் இரண்டாவது பிரச்சினை இங்கேதான் வெளிப்பட்டது. கெந்துவதை நிறுத்திய பிறகு ஹெல்ட் போல் வரத் தொடங்கியது. கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிடித்து, இறங்கி, பிறகு பிவட் பண்ணித் திரும்பி, பிறகு யார் எங்கே என்று தேடுகிறாள். திரும்பவே பம்பலப்பிட்டி முடிந்துவிடும். இதற்கு மருந்து, வானத்திலேயே திரும்புவது. பந்து கையில் பட்டதும் இடுப்பைச் சுழற்றிக்கொண்டு இறங்கினால், இறங்கும்போதே முகம் கோல் பக்கம் இருக்கும், பிவட் பண்ண வேண்டிய வேலை பாதி குறைந்துவிடும். இன்னொன்று, எந்தக் காலில் இறங்குவது என்பது. வலது பக்கம் ஓடிப்போய்ப் பிடிப்பவள் ஓரக்கோட்டுப் பக்கமான வலது காலில் இறங்கினால், அந்தக் காலே உடம்பைத் தடுத்து நிறுத்தும், இடது கால் உள்ளே கோலை நோக்கித் தாராளமாகத் திரும்பும். இதை மாற்ற அவளுக்கு நாலைந்து சனிக்கிழமைகள் பிடித்தன. ஓட்டத்துக்கும் போகிறாள், நெட்போலுக்கும் வருகிறாள்.

இறங்கு காலுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. மேலே சொன்ன 0.9 மீற்றரை எங்கிருந்து அளப்பது? தலையிலிருந்தோ பந்திலிருந்தோ இல்லை, இறங்கு காலிலிருந்து, தடுப்பவளின் கிட்டவான கால்வரை. இறங்கு காலைத் தூக்கிவிட்டால்? அது எங்கிருந்து தூக்கப்பட்டதோ அந்த இடத்திலிருந்து. இரண்டு காலிலும் இறங்கி இன்னும் எதையும் அசைக்கவில்லை என்றால் கிட்டவாக இருக்கும் காலிலிருந்து.

இது ஷூட்டருக்குக் கிடைத்த வரம். கோல் ஷூட்டர் வலது காலில் இறங்குகிறாள் என்று வைப்போம். கோல் கீப்பர் சரியாக 0.9 மீற்றர் தள்ளிக் கையை நீட்டி நிற்கிறாள். ஷூட்டர் இடது காலைப் பின்னால் ஓர் அடி வைத்து, பாரத்தை அதற்கு மாற்றி, வலது காலைத் தூக்கிக்கொண்டு எறிகிறாள். இப்போது அவளுக்கும் கீப்பரின் விரலுக்கும் இடையே ஓர் அடி கூடிவிட்டது. ஆனால் கீப்பர் அந்த அடியைத் தொடர்ந்து உள்ளே வர முடியாது, ஏனெண்டால் அளவு இன்னும் அந்தப் பழைய வலது கால் நின்ற இடத்திலிருந்துதான். மாறாக ஷூட்டர் முன்னால் அடி வைத்து இடைவெளியைக் குறைத்தால் அது அவள் விருப்பம், கீப்பரில் குற்றம் இல்லை. பின்னால் வைக்கும் அந்த அடிக்கு விலையும் உண்டு: ஒற்றைக் காலில், பின்பக்கம் சாய்ந்துகொண்டு, 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும் வளையத்துக்கு எறிய வேண்டும். சமநிலை போனால் பந்து முன் விளிம்பில் அடித்துத் திரும்பும். பயிற்சி இல்லாதவர்கள் செய்யாமலிருப்பதே நல்லது.

இந்த வித்தை எதுவுமே பெரிதாகத் தேவைப்படாத ஒருவர் எங்களிடம் இருந்தார். தர்ஜினி சிவலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரி, உயரம் 2.08 மீற்றர். அவருடைய உயரத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அவருடைய பழைய மட்ச்களின் வீடியோ கிடைத்தால் காலைப் பாருங்கள். வளையத்துக்குக் கிட்ட இடத்தைப் பிடித்து நின்று, மேலே தூக்கிப் போடும் பாஸை எட்டி எடுக்கிறார். கால் இரண்டும் நிலத்திலேயே இருக்கும்போது பிடித்தால் எது இறங்கு கால் என்ற தெரிவு அவர் கையில். பந்தைத் தலைக்குக் கீழே இறக்காமலே திரும்பி எறிந்தால் மூன்று செக்கன் தாராளம், கீப்பருக்கோ எட்டவும் முடியாது, கிட்ட வரவும் முடியாது. 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் அவர் போட்ட கோல்கள் 348. அந்தப் போட்டியில் வேறு யாரும் அத்தனை போடவில்லை. உயரம் கொடுத்தது என்று சொல்லலாம். ஆனால் உயரமான ஒருவர் ஸ்டெப் வைக்காமல் அவ்வளவு நேரம் காலை அடக்கி வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த உயரத்தில் ஒரு பிள்ளையைப் பயிற்றுவித்தவர்களுக்குத் தெரியும்.

அம்பயராக நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு கடைசிக் குறிப்பு. பந்தைப் பின்தொடர்ந்து கண்ணைக் கொண்டுபோனால் காலைத் தவறவிடுவீர்கள். பந்து எறியப்பட்டதும் யார் பிடிக்கப்போகிறாள் என்று தெரிந்துவிடும். உடனே கண்ணை அவள் காலுக்கு இறக்கிவிட வேண்டும். பிடித்த சத்தம் காதுக்கு வரும், எந்தக் கால் முதலில் என்பது கண்ணுக்கு வரும். அந்த நொடியில் மனதுக்குள் "இடது" என்றோ "வலது" என்றோ சொல்லிக்கொள்ளுங்கள், வெள்ளவத்தையையும் அப்போதே தொடங்கிவிடுங்கள்.